1,300 சொல் எஸ்ஓபியை 500 சொல்லுக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: "வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கிறேன். ஏன் படிக்க விரும்புகிறேன் என்று சொல்லும் கடிதமான எஸ்ஓபி 1,300 சொல்லுக்கு மேல் வந்துவிட்டது. நான் போட விரும்பும் பல்கலைக்கழகம் 500 சொல்லுக்கு மேல் ஒரு சொல்கூட ஏற்காது என்கிறது. மூன்று நாளாக வெட்டுகிறேன், 900-க்குக் கீழே இறங்கவில்லை. இறங்கிய வரைக்கும் படித்தால் உயிரே இல்லாத மாதிரி இருக்கிறது. முக்கியமான விஷயங்கள் போகாமல் எப்படிக் குறைப்பது?"

மூன்று நாளாக நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. எல்லாப் பத்தியையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்திலும் நாலைந்து சொல்லைச் சுரண்டியிருப்பீர்கள். உயிர் போனதற்குக் காரணம் அதுதான். ஒரு வாக்கியத்தைச் சுருக்க உட்கார்ந்தால் முதலில் கழற்றத் தோன்றுவது எண், இடம், பொருளின் பெயர், காரணம் ஆகியவைதான். அவை இல்லாமலும் வாக்கியம் இலக்கணப்படி நின்றுவிடும் அல்லவா? "30 மீட்டருக்கு ஒரு புள்ளியாக ஏரியின் தரைமட்டத்தை அளந்தோம்" என்பது "விரிவாக ஆய்வு செய்தோம்" என்று ஆகிவிடும். இப்படி எல்லா இடத்திலும் சமமாகச் சுரண்டினால், உங்களைப் பற்றிய குறிப்புகள் போய், யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய பொதுச் சொற்கள் மிஞ்சும். அதனால் வழி நேர் எதிரானது. பத்தி பத்தியாகத் தூக்கி எறிய வேண்டும். மிஞ்சும் இரண்டு மூன்று இடங்களில் எதையும் சுரண்டக் கூடாது, தேவைப்பட்டால் அங்கே சொல்லைக் கூட்டவும் வேண்டும்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் பல ஆண்டுகளாகத் தொழில்நுட்ப எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். டிசம்பர் வந்தால் மாணவர்கள் இந்த மாதிரிக் கடிதங்களோடு வருவார்கள். நான் பார்த்தவை பெரும்பாலும் பொறியியல், அறிவியல் முதுநிலை விண்ணப்பங்கள். எம்பிஏ, சட்டம் போன்றவற்றில் கேட்பதே வேறு, இங்கே சொல்வதை அங்கே அப்படியே பொருத்த வேண்டாம்.

வெட்டத் தொடங்குமுன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. வரம்பு எதில் என்று பாருங்கள். சொல்லா, எழுத்தா, பக்கமா? பிரிட்டனில் இளநிலைப் படிப்புக்கான யூகாஸ் விண்ணப்பத்தில் இடைவெளியையும் சேர்த்து 4,000 எழுத்து என்பதுதான் கணக்கு. 2026 சேர்க்கையிலிருந்து அதையே மூன்று கேள்விகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்தாவது இருக்க வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். எழுத்துக் கணக்கு என்றால் நீளமான சொல்லுக்குப் பதில் குட்டிச் சொல் போடுவது பலன் தரும், சொல் கணக்கில் அதனால் ஒரு லாபமும் இல்லை. உங்களுடையது சொல் கணக்கு. வேர்டில் `Ctrl+Shift+G`, கூகுள் டாக்ஸில் `Ctrl+Shift+C` அழுத்தினால் எண்ணிக்கை வரும். இது விண்ணப்பப் படிவத்தின் எண்ணிக்கையோடு எப்போதும் ஒத்துப்போகாது. ஹைஃபன், கோடு போட்டு இணைத்த சொற்களை ஒரு நிரல் ஒன்றாக எண்ணும், இன்னொன்று இரண்டாக எண்ணும். அதனால் இலக்கை 500 என்று வைக்காமல் 470 என்று வையுங்கள். "10 விழுக்காடு கூடினால் பரவாயில்லை" என்று யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். அது சில பல்கலைக்கழகங்கள் வகுப்புக் கட்டுரைகளுக்குக் கொடுக்கும் சலுகை.

இனி ஒரு மாணவரின் கடிதத்தை வைத்தே சொல்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிவில் படித்தவர், ஒரு ஆலோசனை நிறுவனத்தில் இரண்டு ஆண்டு வேலை, நீர்வளப் பொறியியலில் எம்.எஸ். படிக்க ஆசை. அவருக்கும் 500 சொல் வரம்புதான். கொண்டுவந்தது 1,310. அதை அச்செடுத்து, பத்திவாரியாக எண்ணிக்கையை ஓரத்தில் குறித்தோம். சிறுவயதில் ஆற்றைப் பார்த்து வியந்த கதை 170. பள்ளி, கல்லூரி மதிப்பெண்கள் 190. இறுதியாண்டு ப்ராஜெக்ட் 240. இன்டர்ன்ஷிப், பயிலரங்குகள், சான்றிதழ்கள் 210. வேலை 180. பல்கலைக்கழகத்தின் பெருமை 190. எதிர்காலக் கனவும் முடிவும் 130. இந்தக் கணக்கை நீங்களும் போடுங்கள். எதற்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோம் என்று ஓரத்தில் பார்த்ததுமே அவர் முகம் மாறியது.

அப்புறம் ஒவ்வொரு பத்தியிடமும் ஒரே கேள்வி கேட்டோம்: இந்தச் செய்தி விண்ணப்பத்தின் வேறு எந்தத் தாளிலாவது இருக்கிறதா? படிப்பவர் கையில் உங்கள் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, ரெஸ்யூமே இருக்கிறது, மூன்று பரிந்துரைக் கடிதங்கள் இருக்கின்றன. ஆகவே மதிப்பெண் பத்தி முழுக்கப் போகலாம். பயிலரங்குப் பத்தியும் முழுக்கப் போகலாம், அவை ரெஸ்யூமேயில் வரிவரியாக இருக்கின்றன. ஆற்றைப் பார்த்து வியந்த கதை வேறு தாளில் இல்லைதான். அதற்கு இரண்டாவது கேள்வி: உங்கள் வகுப்பில் இன்னொருவர் இதே வாக்கியத்தை எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா? நீர்வளம் படிக்கப்போகிற எவரும் ஏதோ ஒரு ஆற்றைப் பார்த்து வியந்தவர்தான். அதுவும் போனது. இந்த மூன்றும் சேர்ந்து 570 சொல். ஒரு வாக்கியத்தைக்கூடச் சுருக்காமல் 740-க்கு வந்துவிட்டோம்.

பல்கலைக்கழகத்தின் பெருமையை எழுதிய பத்தி பலருக்கும் கை நடுங்கும் இடம். அவர்களைப் புகழாவிட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயம். தரவரிசை, உலகப்புகழ் பெற்ற ஆசிரியர்கள், பல பண்பாட்டுச் சூழல் எல்லாம் அவர்கள் இணையதளத்திலிருந்து அவர்களுக்கே திருப்பிச் சொல்வதுதான். அதில் வைத்துக்கொள்ள வேண்டியது உங்கள் வேலையும் அவர்கள் வேலையும் தொடும் ஒரு புள்ளி. இந்த மாணவர் நான்கு பேராசிரியர்களின் பெயரை வரிசையாகப் போட்டிருந்தார். "இவர்களில் யாருடைய கட்டுரையைப் படித்தாய்?" என்று கேட்டேன். ஒருவருடையதை மட்டும் படித்திருந்தார். அந்த ஒருவரை வைத்துக்கொண்டோம், எந்த விஷயத்துக்காக என்பதையும் சேர்த்து. பெயர் போடத்தான் வேண்டுமா என்றால், ஆய்வுப் படிப்புக்குப் போட்டால் நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். பாடம் படித்து முடிக்கும் எம்.எஸ்.ஸுக்கு அது துறைக்குத் துறை மாறுகிறது, அங்கே ஒரு பாடத்தையோ ஆய்வகத்தையோ சொன்னாலே போதும் என்பது என் எண்ணம்.

இப்போது ப்ராஜெக்ட். 240 சொல்லில் இருந்தது ஏறத்தாழ இதுதான்: "இறுதியாண்டு ப்ராஜெக்ட்டின் பகுதியாக, கைடின் வழிகாட்டுதலில், மூன்று நண்பர்களுடன் ஓர் ஏரியின் வண்டல் படிவை ஆய்வு செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. நவீனக் கருவிகளைப் பயன்படுத்தி விரிவான அளவீடுகள் எடுத்தோம். தொடக்கத்தில் சில முரண்பாடுகள் வந்தாலும் கடின உழைப்பால் அவற்றைச் சரிசெய்தோம். இதனால் குழுவாகச் செயல்படுதல், தரவுப் பகுப்பாய்வு, சிக்கல் தீர்த்தல் ஆகிய திறன்கள் வளர்ந்தன."

"சில முரண்பாடுகள் என்று எழுதியிருக்கிறாயே, என்ன முரண்பாடு?" என்று கேட்டேன். "அது பெரிய கதை சார், சொல்லு போதாதுன்னு விட்டுட்டேன்" என்றார். சொல்லச் சொன்னேன். அவர்கள் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியை வைத்து ஏரித் தரையின் மட்டத்தை அளந்து, உபரிநீர் வழிந்தோடும் கலிங்கின் உச்சி வரை நீர் நின்றால் எவ்வளவு கொள்ளும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வண்டல் சேர்ந்த ஏரி, பழைய பதிவேட்டில் இருப்பதைவிடக் கொள்ளளவு குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தது. கருவியைச் சோதித்தார்கள், கணக்கைத் திரும்பப் போட்டார்கள், அதே விடை. கடைசியில் ஏரிக்குத் தண்ணீர் திறந்துவிடும் பெரியவரிடம் பேசியபோது, சில ஆண்டுகளுக்கு முன் பழுது பார்த்தபோது கலிங்கின் மேல் கான்கிரீட் போட்டு உயர்த்தியதை அவர் சொல்லியிருக்கிறார். போய்ப் பார்த்தால் கான்கிரீட்டுக்கு அடியில் பழைய கருங்கல் வரிசை தெரிந்திருக்கிறது. வித்தியாசம் 20 சென்டிமீட்டர். பழைய கல்லின் மட்டத்தை வைத்துக் கணக்கிட்டதும், ஏரி எவ்வளவு கொள்ளளவை இழந்திருக்கிறது என்பது வெளியே வந்தது.

1,310 சொல்லில் மிக வலுவான செய்தி இதுதான், அது கடிதத்திலேயே இல்லை. விடை பொருந்தாதபோது என்ன செய்தார், எதைச் சந்தேகித்தார், யாரிடம் போய்க் கேட்டார் என்று அந்த ஒரு சம்பவமே காட்டிவிடுகிறது. இதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. கைடின் பரிந்துரைக் கடிதம்கூட இவ்வளவு நெருக்கமாகச் சொல்லியிருக்காது. உங்கள் வரைவிலும் "பல சவால்களைச் சந்தித்தேன்", "முரண்பாடுகளைத் தீர்த்தேன்", "முக்கியமான பாடம் கற்றேன்" என்று வரும் இடங்களை வட்டமிடுங்கள். அநேகமாக அங்கேதான் நல்ல பொருள் புதைந்திருக்கும். நீளம் என்று நினைத்து நாமே மூடியிருப்போம்.

வேலைப் பத்தியிலும் இதே மாதிரி ஒன்று கிடைத்தது. மழைநீர் வடிகால் வடிவமைப்பில் அவர் பார்த்த வேலைகளைப் பட்டியலாக அடுக்கியிருந்தார். பேசும்போது ஒன்று சொன்னார்: ஒரு வடிகாலின் அளவு சரியாகவே இருந்தும் தெருவில் தண்ணீர் தேங்கியது. வடிகால் போய்ச் சேரும் குளம் நிறைந்திருக்கும்போது தண்ணீர் பின்னால் தள்ளி ஏறும் என்பதைக் கணக்கில் எடுக்காமல், குளம் காலியாக இருப்பதாக வைத்து வடிவமைத்திருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் தவறு ஒன்றேதான், எந்த மட்டத்திலிருந்து அளக்கிறோம் என்பதை யாரும் சரிபார்க்கவில்லை. அவர் படிக்க விரும்புவதும் சிறு ஏரிகளின் கொள்ளளவும் நகர வெள்ளமும் சந்திக்கும் இடத்தைத்தான். 1,310 சொல்லில் தனித்தனியாகக் கிடந்தவை ஒரே நூலில் கோத்துக்கொண்டன. இந்த நூல் கிடைத்தால் எதை வைப்பது, எதை விடுவது என்பது பாதி முடிவாகிவிடும். அதில் கோக்க முடியாதது எவ்வளவு நல்ல சாதனையாக இருந்தாலும் ரெஸ்யூமேயில் இருக்கட்டும். இந்த மாணவருக்குப் பாலம் வடிவமைப்புப் போட்டியில் ஒரு பரிசு இருந்தது. அதை விடத்தான் மிகவும் வருத்தப்பட்டார். விட்டோம்.

அடுத்து இடத்தைப் பங்கிட்டோம். என்ன படிக்க விரும்புகிறார் என்பதற்கு 60, ஏரிக்கு 210, வடிகாலுக்கு 90, இந்தப் பல்கலைக்கழகம் ஏன் என்பதற்கு 80, மூன்றாம் செமஸ்டர் அரியர் பற்றி 30. மொத்தம் 470. பாதிக்குச் சற்றுக் குறைவான இடம் ஒரே சம்பவத்துக்கு. இது சரிதானா என்று கேட்டார். பத்துச் செய்தியை ஒவ்வொரு வரியில் சொன்னால் படிப்பவருக்கு ஒன்றும் நிற்காது, அதனால் சரி என்றேன். ஆனால் இந்தப் பங்கீடு அவருடைய பொருளுக்கு ஏற்றது. உங்களிடம் சம அளவில் வலுவான இரண்டு வேலைகள் இருந்தால் 150, 150 என்று பிரிக்கலாம். மூன்றாகப் பிரித்தால் 500 சொல்லில் மூன்றும் மேலோட்டமாகிவிடும். சில பல்கலைக்கழகங்கள் கேள்விகளாகவே கொடுத்திருக்கும். அப்போது பங்கீட்டை அந்தக் கேள்விகளே முடிவு செய்கின்றன, ஒன்றையும் பதிலில்லாமல் விடக்கூடாது.

அரியர் விஷயத்தில் ஒன்று மட்டும் உறுதி: படிவத்தில் கூடுதல் தகவலுக்கென்று தனிப் பெட்டி இருந்தால் அங்கே எழுதுங்கள், இங்கே ஒரு சொல்லையும் செலவழிக்க வேண்டாம். பெட்டி இல்லாவிட்டால் சொல்வதா விடுவதா என்பதில் அனுபவமுள்ளவர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை. பட்டியலைப் பார்த்ததும் கண்ணில் குத்துகிற சரிவு என்றால் ஒரு வாக்கியத்தில் காரணம், ஒரு வாக்கியத்தில் அதன்பின் வந்த மதிப்பெண் என்று முடிப்பது என் வழக்கம். ஒரே ஒரு தாளில் கொஞ்சம் குறைந்தது என்றால் பேசாமல் விட்டுவிடுவேன்.

பங்கீடு முடிந்ததும் பழைய வரைவை மூடி வைத்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னேன். இதுதான் பலர் செய்ய மறுக்கும் வேலை. கண்ணெதிரே பழைய வாக்கியம் இருந்தால் அதை வெட்டத்தான் கை போகும், புதிதாகச் சொல்ல வராது. எழுதுவது கடினமாக இருந்தால் முதலில் ஒரு நண்பரிடம் இரண்டு நிமிடத்தில் வாயால் சொல்லுங்கள். வாயால் சொல்லும்போது யாரும் "கைடின் வழிகாட்டுதலின் கீழ் ஆய்வு செய்யும் வாய்ப்புக் கிடைத்தது" என்று தொடங்குவதில்லை, "எங்கள் கணக்குப்படி ஏரி பெரிதாகியிருந்தது" என்றுதான் தொடங்குவார்கள். அவர் அதையே ஏரிப் பத்தியின் முதல் வாக்கியமாக ஆக்கினார். புதிய வரைவு 545 சொல் வந்தது.

இந்த 75 சொல்லைக் குறைக்கத்தான் சுரண்டும் வேலை. கடைசியில் வரும்போது அது தீங்கு செய்யாது. ஆங்கிலத்தில் நம் மாணவர்களின் சொல் எங்கே வீணாகிறது என்று எனக்கு மனப்பாடம். 'இன் ஆர்டர் டு' என்பதற்கு 'டு' போதும். 'ஐ வாஸ் ஏபிள் டு ஐடென்டிஃபை' என்பது 'ஐ ஃபவுண்ட்' ஆகலாம், ஐந்து சொல்லுக்கு இரண்டு. 'கண்டக்டெட் அன் அனாலிசிஸ் ஆஃப்' என்பது 'அனலைஸ்ட்'. 'ட்யூ டு த ஃபேக்ட் தட்' என்பது 'பிகாஸ்'. பெயர்ச்சொல்லாக உறைந்த வினையை மறுபடி வினையாக்கினாலே பத்துக்கு ஒரு சொல் கிடைத்துவிடும். ஒரே பொருளை இரட்டையாகச் சொல்லும் பழக்கமும் உண்டு, 'ஸ்கில்ஸ் அண்ட் எபிலிட்டீஸ்' மாதிரி, அதில் ஒன்று போதும். பத்தியின் கடைசி வாக்கியத்தையும் பாருங்கள். மேலே சொன்னதை "இந்த அனுபவம் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது" என்று திருப்பிச் சொல்வதாக இருந்தால் முழுதாக எடுத்துவிடலாம். அவருடைய கடிதத்தில் அப்படி மூன்று வாக்கியங்கள், 48 சொல். மீதி 27 சொல் மேலே சொன்ன சின்னத் திருத்தங்களில் போனது. 'த', 'ஏ' போன்றவற்றை மட்டும் எண்ணிக்கைக்காகக் கழற்றாதீர்கள். ஆங்கிலம் தப்பாகிவிடும், படிப்பவர் அங்கேயே தடுக்குவார்.

அளவுக்கு மீறி வெட்டிவிட்டோமா என்று கண்டுபிடிக்க, உங்கள் துறையைச் சாராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே நின்று "இது எது?" என்று கேட்கிறாரோ அங்கே ஓர் இணைப்பு அறுந்திருக்கிறது. இவருடைய வரைவில் "இந்த வித்தியாசம்" என்று ஓரிடத்தில் இருந்தது. எதற்கும் எதற்கும் இடையிலான வித்தியாசம் என்று சொன்ன வாக்கியம் முந்தைய சுற்றில் போயிருந்தது. எழுதியவருக்கு அது கண்ணில் படவே படாது, மனசில் முழுக் கதையும் இருப்பதால் தானாக நிரப்பிக்கொள்வார். நான் என் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன், அவர் கணக்கர். முதல் வாசிப்பிலேயே அங்கே விரல் வைத்தார். ஆறு சொல் சேர்த்தோம். வரம்புக்குள் 30 சொல் மிச்சம் வைத்தது இதற்கும் உதவியது. படித்து முடித்தவரிடம் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு "என்ன ஞாபகம் இருக்கிறது?" என்றும் கேளுங்கள். தங்கை "கல்லு மேல கான்கிரீட் போட்டதைக் கண்டுபிடிச்ச பையன்" என்றார். "நீர்வளத்தில் ஆர்வமுள்ள பையன்" என்று பதில் வந்திருந்தால் இன்னொரு சுற்று உட்கார்ந்திருப்போம்.

சமர்ப்பிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. வரம்பைத் தாண்டிய பகுதியைச் சில படிவங்கள் எச்சரிக்கை எதுவும் காட்டாமல் ஒட்டும்போதே வெட்டிவிடும். முதல் பத்தி சரியாக இருப்பதைப் பார்த்து நாம் சமர்ப்பித்துவிடுவோம், கடைசி வரி பாதியில் நின்றிருக்கும். பத்தி மாறும் இடத்தையும் சில படிவங்கள் இரண்டு எழுத்தாக எண்ணும், எழுத்துக் கணக்கு உள்ள இடங்களில் இதற்கும் சேர்த்து இடம் விடுங்கள். ஒட்டிய பிறகு பெட்டியின் அடிவரை நகர்த்திக் கடைசி வாக்கியத்தைப் படியுங்கள். முன்னோட்டமோ பிடிஎஃப்போ தந்தால் அதைத் திறந்து, மேற்கோள் குறிகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். 1,300 சொல் வரைவை அழிக்காதீர்கள். வேறொரு பல்கலைக்கழகம் 1,000 சொல் கேட்டால், 470-ஐ அடிப்படையாக வைத்து, ஏரியில் அளந்த விதத்தையும் அந்தப் பாலப் போட்டி மாதிரி விட்ட ஒன்றையும் அதிலிருந்து எடுத்துச் சேர்க்கலாம்.